போன் ஸ்பீக்கர் மங்குவது வேறு, கரகரப்பது வேறு

"ஸ்பீக்கர் சரியில்லை" என்று சர்வீஸ் கடைக்கு வரும் போன்களில் இரண்டு விதமான குறைகளைப் பார்க்கலாம். ஒன்றில் சத்தம் அமுங்கிப் போய், யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். இன்னொன்றில் சத்தம் போதுமான அளவு வரும், ஆனால் கூடவே கரகரவென்று ஒரு நடுக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டுக்குமே சட்டைப்பை தூசி காரணமாக இருக்கலாம். ஆனால் தூசி உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. மங்கலான சத்தத்துக்குக் காரணமான அழுக்கு பெரும்பாலும் வெளியே, நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கரகரப்புக்குக் காரணமானது பெரும்பாலும் உள்ளே இருக்கும். முதல் வகையை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். இரண்டாவதை வெளியிலிருந்து நோண்ட நோண்ட மோசமாகத்தான் ஆகும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஊசியை எடுப்பதால்தான் நல்ல ஸ்பீக்கர்கள் பல வீணாகின்றன.

போனின் அடிப்பக்கத்தில், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்ன ஓட்டைகளைப் பார்த்தால் அதற்கு நேர் பின்னால் ஸ்பீக்கர் இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. ஓட்டைகளை ஒட்டி முதலில் ஒரு மெஷ் இருக்கும், அதாவது மிக நுண்ணிய வலை. அதன் ஓரம் முழுக்கப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு குறுகலான காற்றுப்பாதை, அது முடியும் இடத்தில்தான் ஸ்பீக்கர் பெட்டி. பெட்டிக்குள் சின்னதாக ஆனால் வலுவான ஒரு காந்தம், ஒரு செம்புக் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. சுருளில் மின்சாரம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைந்து சவ்வைத் தள்ளுகிறது, சவ்வு காற்றைத் தள்ளுகிறது. அந்த அசைவு பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் இருக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஒரு மணல் துகள் புகுந்தாலே போதும், கரகரப்பு வந்துவிடும். அது புகாமல் காவல் காப்பதுதான் அந்த மெஷ்.

சட்டைப்பையிலும் பேண்ட் பையிலும் உதிர்கிற பஞ்சு இழைகள் மெஷ்ஷைத் தாண்டி உள்ளே போவதில்லை. அவை ஓட்டைக்குள் நுழைந்து மெஷ்ஷின் மேல் படுத்துக்கொள்கின்றன. வியர்வையும் கை எண்ணெயும் பட்டதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அப்புறம் தெருத் தூசி, பையில் போட்ட பஸ் டிக்கெட்டின் காகிதத் தூள், கோயிலில் வாங்கிப் பொட்டலமாக மடித்து வைத்த விபூதி என்று கிடைத்ததெல்லாம் அதில் சேரும். சில மாதங்களில் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மெத்தை உருவாகிவிடும்.

இந்த மெத்தை எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. இழைகளுக்கு இடையில் காற்று உரசிப் போக வேண்டியிருப்பதால் வேகமாக அதிரும் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் அடிபடுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அந்தக் குறுகலான காற்றுப்பாதையின் அளவை, சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகள் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும்படி கணக்குப் பண்ணித்தான் வடிவமைக்கிறார்கள். வாய் அடைத்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. பேச்சில் உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. 'ஸ்' என்ற சீறும் ஒலியின் பலம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, 'ஷ்' ஒலியின் பலம் அதற்குச் சற்றுக் கீழிருந்தே தொடங்குகிறது. அதனால் மங்கிய ஸ்பீக்கரில் எதிர்முனையில் பேசுபவர் "பஸ் ஸ்டாண்ட்" என்று சொன்னால் ஆகாரம் கேட்கும், ஸகரம் காணாமல் போய்விடும். சத்தத்தைக் கூட்டினாலும் தெளிவு வராது. மங்கலுக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை: சத்தம் இருக்கிறது, சொல் பிரியவில்லை.

சுத்தம் செய்ய உட்காருவதற்கு முன் குறை ஸ்பீக்கரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முதலில் உறையைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். உறையின் ஓட்டை ஸ்பீக்கர் ஓட்டையோடு சரியாகப் பொருந்தாமல் இருப்பது சாதாரணம், உறைக்கும் போனுக்கும் நடுவிலேயே பஞ்சு சேர்ந்திருப்பதும் சாதாரணம். அடுத்து, ஹெட்போன் மாட்டி அதே பாட்டைக் கேளுங்கள். அதிலும் மங்கலாக இருந்தால் குறை பாட்டுக் கோப்பிலோ ஈக்வலைசர் அமைப்பிலோ இருக்கிறது. ஹெட்போனில் தெளிவாக இருந்தால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம்.

ஓட்டைகளில் எது எதற்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் போன்ற பல போன்களில் சார்ஜர் வாய்க்கு இரண்டு பக்கமும் ஓட்டைகள் இருக்கும். சத்தம் ஒரு பக்கம்தான் வரும், மறுபக்க ஓட்டைகளுக்குள் மைக் இருக்கும். "ஒரு பக்கம் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை" என்று அந்தப் பக்கத்தைக் குத்தி, நன்றாக இருந்த மைக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பாட்டு ஓடும்போது ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் மூடிப் பாருங்கள். எந்தப் பக்கம் மூடினால் சத்தம் சட்டென்று குறைகிறதோ அதுதான் ஸ்பீக்கர். பல போன்களில் காதில் வைத்துப் பேசும் மேல் ஸ்பீக்கரும் பாட்டுக்குத் துணையாக ஒலிக்கும். அது திரையின் மேல் விளிம்பில் கீறல் போல இருக்கும். அங்கே சேர்வது பஞ்சைவிட முகத்து எண்ணெயும் பவுடரும்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் என் சித்தி மகனின் போனை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். அந்தத் தொழிலில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும், தலைமுடியிலும் புருவத்திலும்கூட ஒட்டும். போனை வேலை நேரம் முழுக்க சட்டைப்பையில், அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்திருந்தான். "அண்ணா, ஸ்பீக்கர்ல போட்டா அம்மா பேசுறது ஒண்ணும் புரியல, ஆனா பாட்டு கொஞ்சம் கேக்குது" என்றான். வார்த்தை பிரியவில்லை, கரகரப்பு இல்லை, ஹெட்போனில் எல்லாம் சரி. அடைப்புதான் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. இன்னொரு போனின் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது, கறுப்பாக நுண்ணிய கட்டங்களாகத் தெரிய வேண்டிய மெஷ் ஒரு ஓட்டையிலும் தெரியவில்லை. வெள்ளையும் இளநீலமும் கலந்த பஞ்சு விளிம்பு வரை நிறைந்திருந்தது.

முதலில் ஒரு பதிவு எடுத்தோம். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாவிட்டால் சுத்தம் பண்ணியதில் பலன் இருக்கிறதா என்று காதால் சரியாகச் சொல்ல முடியாது. அவன் போனை மேஜையில் விரித்த துண்டின் மேல் வைத்து, பாதி வால்யூமில் ஒருவர் பேசும் வீடியோவை ஓடவிட்டு, ஒரு முழம் தள்ளி வைத்த என் போனில் ரெக்கார்ட் செய்தோம். பிறகு போனை ஆஃப் செய்தோம்.

முதல் கட்டம் உலர்ந்த பிரஷ். குழந்தைகளுக்கான மிக மென்மையான டூத் பிரஷ், அதுவும் பயன்படுத்தாத புதியது இதற்குப் பொருத்தம். தண்ணீரோ வேறு எதுவுமோ தொடக்கூடாது. போனை ஓட்டைகள் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு பிரஷ்ஷைக் கீழிருந்து ஓட்டை வரிசையின் நீளவாக்கில் லேசாக இழுக்க வேண்டும். இழைகளின் நுனி மட்டும் ஓட்டைக்குள் தொட்டுப் போனால் போதும், உள்ளே அழுத்தக் கூடாது. கிளறப்பட்ட பஞ்சு கீழே விழும். மேலே பார்க்கப் பிடித்துத் தேய்த்தால் அதே பஞ்சு இன்னும் இறுகி மெஷ்ஷில் படியும். அரை நிமிடம் தேய்ப்பதும் பார்ப்பதுமாக இரண்டு மூன்று சுற்று போதும். அவன் போனில் இதிலேயே பாதிக்கு மேல் உருண்டை உருண்டையாக விழுந்துவிட்டது.

மிச்சம் இருந்தது மெஷ்ஷோடு ஒட்டிய அடிப்படிவு. அதற்கு ஸ்டேஷனரி கடைகளில் சுவரில் போஸ்டர் ஒட்டுவதற்கு விற்கும் மாவு போன்ற ஒட்டுப்பசையைப் பயன்படுத்தினோம். டாக்-இட், ப்ளூ டாக் என்ற பெயர்களில் கிடைக்கும். ஒரு பட்டாணி அளவு எடுத்து உருட்டி, ஓட்டைகளின் மேல் மெதுவாக அழுத்தி, உடனே நேராக மேலே தூக்க வேண்டும். தேய்க்கவோ திருகவோ கூடாது, திருகினால் அறுந்து துணுக்கு உள்ளே நின்றுவிடும். தூக்கிய பசையைப் பார்த்தால் ஓட்டைகளின் அச்சு சின்னச் சின்ன முளைகளாக இருக்கும், ஒவ்வொரு முளையின் நுனியிலும் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருக்கும். பசையை மடித்துப் புது முகமாக்கி மறுபடி வைக்க வேண்டும். முளைகளின் நுனி சுத்தமாக வர ஆரம்பித்தால் வேலை முடிந்தது.

பசை வெயிலில் இளகியிருந்தால் இதைச் செய்யாதீர்கள், நிழலில் வைத்து ஆறவிட்டு எடுங்கள். தனித்தனி ஓட்டைகளாக இல்லாமல் நீளமான பிளவாக வாய் இருக்கும் போன்களில் பசை ஆழமாகப் போய்விடக்கூடும். அங்கே பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, நுனியால் ஒற்றி எடுப்பது நல்லது. காதுப்பக்க ஸ்பீக்கருக்கும் டேப்தான் பாதுகாப்பு. கீபோர்டு சுத்தம் செய்ய விற்கும் வழவழப்பான ஜெல், குழந்தைகளின் களிமண், சப்பாத்தி மாவு இவற்றை யார் சொன்னாலும் பயன்படுத்த வேண்டாம். மூன்றும் ஓட்டைக்குள் மிச்சம் விட்டுப் போகும்.

போனை ஆன் செய்து, அதே துண்டு, அதே தூரம், அதே பாதி வால்யூமில் மறுபடி பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். முதல் பதிவில் இல்லாத 'ஸ'வும் 'ஷ'வும் இரண்டாவதில் பளிச்சென்று கேட்டன. மொத்தச் சத்தம் கொஞ்சம்தான் கூடியிருந்தது, தெளிவுதான் திரும்பி வந்தது. அடைப்பு நீங்கினால் இப்படித்தான் இருக்கும்.

இதற்கு மேல் போகத் தோன்றும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. சார்ஜர் வாயில் சேர்ந்த பஞ்சைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துப் பழகியவர்கள் அதே கையோடு ஸ்பீக்கருக்கும் வருவார்கள். சார்ஜர் வாய்க்கு அடி உண்டு. ஸ்பீக்கர் ஓட்டைக்கு அடியாக இருப்பது அந்த மெஷ் மட்டுமே. சிம் ஊசியோ குண்டூசியோ அதைத் துளைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சத்தம் கூடியதாகக்கூடத் தோன்றும். பிறகு அந்தத் துளை வழியாகத் தூசி நேராக சவ்வு வரை போகும். பசை விட்ட மெஷ்ஷின் ஓரம் ஒவ்வொரு அதிர்வுக்கும் படபடக்கும். தண்ணீர் தாங்கும் போனாக இருந்தால் அந்தப் பக்கம் பாதுகாப்பும் போய்விடும்.

காற்று அடிப்பதும் அப்படித்தான். கம்ப்யூட்டர் தூசி ஊதும் ப்ளோயரையோ ஸ்ப்ரே டப்பாவையோ ஓட்டைக்கு எதிரே வைத்து அடித்தால் வெளியே இருக்கும் பஞ்சு உள்ளே போகும், சவ்வும் கிழியலாம். ஐபோனைச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்று வேண்டாம் என்று ஆப்பிள் தன் வழிமுறையிலேயே சொல்கிறது. ஸ்பீக்கர் ஓட்டைகளுக்கு அது சொல்வதும் உலர்ந்த மென்மையான பிரஷ்தான். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பஞ்சோடு சேர்ந்து பசையாகிவிடும். வாக்குவம் கிளீனரின் இழுவை சவ்வை வெளியே இழுக்கும்.

சானிடைசர், ஸ்பிரிட், தின்னர் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றைக் கடைகளிலேயே பயன்படுத்துவதைப் பார்க்கிறோம். ஈரம் எதுவாக இருந்தாலும் அழுக்கைக் கரைத்து மெஷ்ஷின் நுண்துளைகளுக்குள் கொண்டு போகும், காய்ந்ததும் அது அங்கேயே இறுகிவிடும். தின்னர் மெஷ்ஷைப் பிடித்திருக்கும் பசையையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். திறந்து பிரித்த போனில் மெக்கானிக் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் போர்டைத் துடைப்பது வேறு விஷயம். மூடிய போனின் ஸ்பீக்கர் ஓட்டையில் அதை ஊற்றுவதற்கு நியாயமே இல்லை.

ஒலியால் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஆப்களைப் பலரும் கேட்கிறார்கள். இவை பெரும்பாலும் 165 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தாழ்ந்த ஓசையை முழு வால்யூமில் ஓடவிடும். யோசனை பொய்யில்லை. 2016-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2 நீச்சலுக்குப் பிறகு இப்படி ஒரு ஓசையெழுப்பித்தான் தண்ணீரை வெளியே தள்ளியது. ஷாவ்மி போன்கள் பலவற்றில் அமைப்புகளுக்குள் `Clear speaker` என்ற வசதியே இருக்கிறது. தாழ்ந்த ஓசைக்கு சவ்வு அதிக தூரம் அசையும், அதனால் மெஷ்ஷில் நிற்கும் நீர்த்துளியோ லேசான தூசியோ உதறப்படும். வியர்வையோடு இறுகிய பஞ்சு இதற்கு அசையாது. மழையில் நனைந்த போனுக்கு ஓட்டையைக் கீழே பார்க்கப் பிடித்து அரை நிமிடம் ஓடவிடலாம், பிரஷ் போட்டபின் உதிரித் தூசியைத் தட்டிவிடவும் உதவும். விடாமல் பல நிமிடம் ஓடவிட்டால் சுருள் சூடாகும், அதனால் நன்மை எதுவும் கூடப்போவதில்லை.

சரி, கரகரப்புக்கு வருவோம். கரகரப்பு வந்ததும் அது ஸ்பீக்கரிலிருந்தா, போனின் உடம்பிலிருந்தா என்று பிரித்துப் பாருங்கள். உறையைக் கழற்றி, சிம் தட்டு முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திவிட்டு, சத்தம் ஓடும்போது பின்மூடியின் வெவ்வேறு இடங்களை விரலால் அழுத்துங்கள். எங்காவது அழுத்தும்போது கரகரப்பு நின்றால் அங்கே மூடி பசை விட்டிருக்கிறது. அது ஸ்பீக்கரின் தவறில்லை. அழுத்தினாலும் மாறவில்லை என்றால், சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை மேலே பார்க்கும்போது ஒரு மாதிரியும் கீழே பார்க்கும்போது வேறு மாதிரியும் கேட்டால் உள்ளே ஏதோ துகள் உருண்டுகொண்டிருக்கிறது. எப்படித் திருப்பினாலும் ஒரே கரகரப்பு, அதுவும் குறிப்பிட்ட சுருதி வரும்போதெல்லாம் வந்தால் சவ்வோ சுருளோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். தாழ்ந்த ஓசையிலிருந்து உயர்ந்த ஓசை வரை ஏறும் டோன் ஒன்றை மிதமான வால்யூமில் ஓடவிட்டால் இது நன்றாகப் பிடிபடும். போன் ஸ்பீக்கர்கள் இயல்பாகவே அதிகம் அதிர்வது 1,000 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே. உரசல் இருந்தால் அந்த இடத்தைத் தாண்டும்போது தவறாமல் காட்டிக்கொடுக்கும். முழு வால்யூமில் மட்டும் கரகரத்து, கொஞ்சம் குறைத்ததும் சுத்தமாகிவிட்டால் ஈக்வலைசரில் பாஸ் ஏற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தூசியே கரகரப்பைத் தரும் ஒரு முக்கியமான இடம் லேத் பட்டறை. கோயம்புத்தூர் பக்கம் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் போன்களில் இதைப் பார்க்கலாம். பஞ்சு தானாக வந்து விழுகிறது. இரும்புத் தூளை ஸ்பீக்கரின் காந்தமே இழுக்கிறது. கிரைண்டிங் தூள் மெஷ்ஷின் மேல் நிமிர்ந்து நிற்கும், பொடித்தவை துளை வழியாக உள்ளேயும் போகும். காந்தம் பிடித்திருப்பதால் பிரஷ் போட்டால் நகருமே தவிர விழாது. வெளியே நிற்பதை ஒட்டுப்பசை எடுத்துவிடும். எடுத்த பசையின் நுனி பஞ்சு போல இல்லாமல் கறுத்து மினுங்கினால் இதுதான் காரணம். பசை சுத்தமாக வந்த பிறகும் கரகரப்பு தொடர்ந்தால் தூள் சவ்வு வரை போய்விட்டது என்று அர்த்தம். அதை வெளியிலிருந்து எடுக்க வழியே இல்லை, ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் போனை ஜிப் வைத்த கவரில் போட்டு வைப்பது எல்லாச் சுத்தத்தையும்விட மேல்.

மற்றவர்களுக்கு, அடிப்பக்கம் மேலே வரும்படி போனைப் பையில் வைப்பதே பெரிய வித்தியாசம் தரும். பஞ்சு சேர்வது பையின் அடித் தையலில்தான். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையை வெளியே இழுத்து உதறிப் பாருங்கள், ஸ்பீக்கருக்குள் போக இருந்தது எவ்வளவு என்று தெரியும்.

கடைக்குப் போக வேண்டி வந்தால், மொபைல் கடைகளில் பாட்டு வரும் ஸ்பீக்கரை 'ரிங்கர்' என்றும், வெறுமனே 'ஸ்பீக்கர்' என்றால் காதுப்பக்கத்தில் இருப்பதையும் சொல்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். "ஸ்பீக்கர் மாத்துங்க" என்று கொடுத்துவிட்டு வந்து, மேலே இருப்பதை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. "ரிங்கர் கரகரக்குது, பிரஷ் போட்டாச்சு, பசை வெச்சும் எடுத்தாச்சு, மெஷ் கிழியல" என்று சொன்னால் மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம். பெரும்பாலான போன்களில் ரிங்கர் தனிப் பெட்டியாகத்தான் வருகிறது, திருகு கழற்றி மாற்றிவிடலாம். மாற்றும்போது மெஷ்ஷையும் அதன் ரப்பர் விளிம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு சரியாக உட்காராவிட்டால் புது ரிங்கர் போட்டும் சத்தம் போனுக்குள்ளேயே கசிந்து, பழைய மங்கல் அப்படியே இருக்கும். வாரண்டி இருக்கும் போனை வெளியே பிரிக்க வேண்டாம், நேராக நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.